இன்னொரு கணக்கும் தேவை

அண்ணனின் தலைத்திவசத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். அண்ணி பின்னால் வந்து நின்றார். அப்பாவும் அம்மாவும் உள்ளறையில் படுத்திருந்தார்கள். அவர்கள் காதில் விழக்கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தி, "அம்முணி, உங்கண்ணன் கேமுக்குள்ள நமக்கு ஊடு கட்டியிருக்கறேன்னு சொன்னாங்கல்ல. அதை ஒருக்காப் பாக்க முடியுமா?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு வருடமாக அந்த வீட்டைப் பற்றி நானும் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். நினைக்கும்போதெல்லாம் வேறு ஏதாவது வேலையை எடுத்து வைத்துக்கொண்டேன். அண்ணிக்கு அது ஞாபகம் இருக்காது என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். இப்படி வசதியாக முடிவு கட்டிக்கொள்வதில் நான் கெட்டிக்காரி.

அண்ணன் போர்வெல் ரிக் மேனேஜர்; ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவர். திருச்செங்கோட்டைச் சுற்றி உள்ள எங்கள் ஊர்களில் ரிக்கில் ஆள் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சத்தீஸ்கர், ஒடிசா என்று வண்டி எங்கே போகிறதோ அங்கே போவார். மழைக்காலம் வந்தால் தோண்ட முடியாது. வண்டி ஊர் திரும்பும். அந்த மாதங்களில் மட்டும் அவர் எங்களுக்குச் சொந்தம். மற்ற மாதங்களில் எங்கோ ஒரு காட்டோரத்தில் டென்ட்டுக்குள் ஒரு லேப்டாப்பும் ஜெனரேட்டர் கரண்டுமாக இருப்பார். அங்கே கரண்ட் இருக்கும், சோறு இருக்கும், டவர் மட்டும் இருக்காது.

எனக்கும் அண்ணனுக்கும் பள்ளிக்கூட நாளிலிருந்தே கம்ப்யூட்டர் கேம் பைத்தியம். அவருக்கு விளையாடுகிற பைத்தியம்; எனக்கு வாங்குவதற்கு முன்னால் படித்துப் பார்க்கிற பைத்தியமும் சேர்ந்துகொண்டது. அதற்கும் அவர்தான் காரணம். ஒரு முறை ஆசைப்பட்டு ஒரு கார் பந்தய கேமை வாங்கி, வீட்டில் இறக்கிக்கொண்டு, ஊர் பெயரே வாயில் நுழையாத ஒரு காட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே போய்த் திறந்தால், 'உள்நுழையவும்' என்று ஒரு பெட்டி வந்து நின்றுகொண்டது. தனி ஆளாக விளையாடுகிற கேம்தான். ஆனாலும் அதைச் செய்த கம்பெனிக்கென்று கேமைத் திறந்துவிடத் தனியாக ஒரு லாஞ்சர், அதில் தனியாக ஒரு கணக்கு, அந்தக் கணக்கு ஒவ்வொரு முறையும் இணையத்தில் போய்த் தலையைக் காட்டிவிட்டு வர வேண்டும். அந்தப் பயணம் முழுக்க அவர் பார்த்தது அந்தப் பெட்டியை மட்டும்தான். ஊர் வந்ததும், "இனிமே நீ படிச்சுப் பாத்துச் சொன்னாத்தான் வாங்குவேன்" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்.

நான் நாமக்கல்லில் ஒரு கோழித்தீவனக் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். மக்காச்சோளம் விற்க வருகிறவர் கையெழுத்துப் போடச் சொல்லும் தாளில் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பேன். கேம் விற்கும் ஆன்லைன் ஸ்டோரின் பக்கத்தையும் அப்படித்தான் படித்தேன். மேலே ஓடுகிற வீடியோவைப் பார்க்கவே மாட்டேன். வலது பக்கம் விலைக்குக் கீழே ஒரு பட்டியல் இருக்கும். தனியாள் ஆட்டமா, கூட்டாட்டமா என்று. அதையும் நம்பிவிடக் கூடாது. 'தனியாள்' என்று போட்டுவிட்டு, அதற்கும் கீழே நிறம் மாறிய ஒரு சின்னக் கட்டத்தில், 'வேறொரு நிறுவனத்தின் கணக்கும் தேவை' என்று போட்டிருப்பார்கள். அதற்கப்புறம் கம்ப்யூட்டருக்கு என்னென்ன வேண்டும் என்ற பகுதி. எல்லாரும் கிராபிக்ஸ் கார்டோடு நிறுத்திவிடுவார்கள். அதன் அடியில் 'கூடுதல் குறிப்புகள்' என்று ஒரு வரி உண்டு. 'இணைய இணைப்பு எப்போதும் தேவை' என்ற குண்டை அங்கேதான் வைத்திருப்பார்கள். கடைசியாக, திட்டி எழுதியிருக்கிறவர்களின் கருத்துகளை மட்டும் தனியாகப் பிரித்துப் படிப்பேன். வயிறெரிந்தவன் பொய் சொல்ல மாட்டான் என்பது என் கட்சி.

எல்லாம் தேறினால்தான் வாங்குவோம். இறக்கி முடித்து, இணையத்தோடு ஒரு தடவை திறந்து, ஸ்டோரை ஆஃப்லைனுக்கு மாற்றி, வீட்டு ரூட்டரின் ஒயரைப் பிடுங்கிவிட்டு மறுபடி திறந்து பார்ப்பேன். திறந்தால் அவர் பெட்டி கட்டலாம். திறக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். வாங்கி இரண்டு வாரத்துக்குள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடாமல் இருந்தால் அந்த ஸ்டோர் காசைத் திருப்பித் தரும். அம்மா ஒவ்வொரு தடவையும், "நெட்டை எவ புடுங்கினது?" என்று கத்துவார். அவருடைய சீரியல் பாதியில் நின்றிருக்கும்.

இவ்வளவு பாடமும் கேட்ட மனிதர், போன வருட மழைக்காலத்தில் எனக்குத் தெரியாமல் ஒரு கேம் வாங்கினார். பல பேர் சேர்ந்து ஒரு ஊரில் மனை எடுத்து வீடு கட்டுகிற கேம். நெட் இல்லாமல் வாசலைக்கூடப் பார்க்க முடியாது. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அவரோடு சண்டை போட்டேன். "இதுல நீ கட்டறது எதுவும் உன்ற லேப்டாப்புல இருக்காது. எல்லாம் அவனுக சர்வர்லதான் இருக்கும். அவனுக இழுத்து மூடினா அன்னிக்கே போச்சு" என்றேன்.

"ஊர்ல இருக்கறப்ப வெளையாடறதுக்குத்தான? ஊர்ல நெட்டு இருக்குதல்ல? போ அந்தப்பக்கம்" என்றார்.

அப்புறம் ரிக் பழுதாகி ராய்ப்பூரில் நின்றபோது லாட்ஜ் வைஃபையில் உட்கார்ந்து மிச்சத்தையும் கட்டியிருக்கிறார். திரையைப் போனில் படம் எடுத்து அண்ணிக்கு அனுப்பினார். ஒரு ஓட்டுக் கூரையும் வாசலும் மட்டும் தெரிகிற படம். "உள்ள பாக்காத, நான் வந்து காட்டறேன்" என்று அண்ணியிடம் சொன்னாராம். வண்டி சரியாகிக் காட்டுக்குப் போனது. கொஞ்ச நாளில், காலையில் டீக்கு எழுப்பினார்கள், எழவில்லை. தூக்கத்திலேயே நெஞ்சு நின்றிருந்தது. ஆம்புலன்ஸில் அங்கிருந்து இங்கே வந்து சேருவதற்குள் உடல் தாங்கவில்லை என்று எங்களைக் கிட்டே விடவில்லை. அண்ணிகூட அவர் முகத்தைப் பெட்டியின் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தார்.

அந்த வீட்டைத்தான் அண்ணி இப்போது பார்க்கக் கேட்டார்.

பீரோவிலிருந்து அண்ணனின் லேப்டாப்பை எடுத்து என் அறைக்குக் கொண்டுபோனேன். ஸ்டோர் பழைய ஞாபகத்தில் தானாகவே திறந்துகொண்டது. கேமை அழுத்தினேன். லாஞ்சர் எழுந்து வந்தது. பாஸ்வேர்டு அதில் சேமித்திருந்தது. ஆனால் ரொம்ப நாள் கழித்து வருகிறவர் என்பதால், கணக்கில் உள்ள போன் நம்பருக்கு ஒரு குறியெண் அனுப்பவா என்று கேட்டது. நம்பரின் கடைசி இரண்டு எண்களை மட்டும் காட்டியது. பார்த்த உடனே லேப்டாப்பை மூடிவிட்டேன்.

அது ரிக்கின் போன் நம்பர். ரிக் லாரியின் பக்கவாட்டில் ஆளுயரத்துக்குப் பெயின்ட்டில் எழுதியிருப்பார்களே, அந்த நம்பர். எங்கள் பக்கத்து மேனேஜர்களுக்கெல்லாம் இந்தப் பழக்கம் உண்டு. கையில் இருப்பது வண்டி நம்பர். அதுவே தன் நம்பர் என்று நினைத்து, கேஸ் புக்கிங்கிலிருந்து கேம் கணக்கு வரைக்கும் அதையே கொடுத்துவிடுவார்கள். மேனேஜர் மாறினாலும் நம்பர் மாறாது. அது வண்டியோடு போகும். புது மேனேஜர் கையில் இப்போது அந்த நம்பர் ஒடிசாவில் எங்கோ இருந்தது. என் போனில் அது இன்னமும் 'அண்ணன்' என்ற பெயரில்தான் இருந்தது. பெயரை மாற்ற எனக்குக் கை வரவில்லை. கூப்பிடவும் தைரியம் வரவில்லை. யாராவது எடுத்துவிடுவார்களே என்று பயம். எடுப்பவர் அவராக இருக்க மாட்டாரே என்பது அதைவிடப் பெரிய பயம்.

"ஏன் மூடிட்டே?" என்றார் அண்ணி.

"இதுல போக முடியாதுங்க அண்ணி. நீங்களே புதுசா ஒண்ணு வாங்கிக்கலாம். அந்த ஊருக்குள்ள உங்க பேருல போயி, அவரு ஊட்டு வாசல்ல நின்னு பாக்கலாம்."

"போக முடியுமா?"

"படிச்சுப் பாத்துத்தாஞ் சொல்லோணும்."

என் கம்ப்யூட்டரில் அந்த கேமின் பக்கத்தைத் திறந்தேன். இத்தனை வருடம் எத்தனையோ பக்கங்களைப் படித்திருக்கிறேன். வாங்கக் கூடாததற்கு ஒரு காரணம் கிடைக்காதா என்று தேடித்தான் படிப்பேன். அன்றைக்கு ஏதாவது ஒரு வழி கிடைக்காதா என்று தேடினேன். அண்ணி ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் விரல் வைத்த இடத்தையெல்லாம் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும்.

சின்னக் கட்டம் இருந்தது. கம்பெனியின் கணக்கும் தேவை. ஸ்டோர் கணக்கோடு ஒரு தடவை இணைத்துவிட்டால் மாற்ற முடியாது. அதற்குக் கீழே எப்போதும் இணையம் தேவை. அதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். ஒப்பந்தம் என்று இருந்த இணைப்பை அழுத்தினேன். யாரும் திறக்காத கதவு அது. நீளமாக ஓடியது. கணக்கு உங்களுக்கு மட்டுமே உரியது. விற்கவோ, கொடுக்கவோ, வாரிசுக்கு விடவோ முடியாது என்று ஒரு வரி இருந்தது. அண்ணியிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"வாரிசுன்னா செத்தவங்களோடதா?"

"ஆமாங்க."

"அதையெல்லாமா நெனச்சு எழுதி வெச்சிருக்கறானுக" என்றார்.

இன்னும் கொஞ்சம் கீழே மனைகளைப் பற்றி ஒரு பத்தி. மற்றவர்கள் உங்கள் மனைக்கு வந்து பார்க்கலாம் என்று இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அடுத்த வரியிலேயே மூச்சு நின்றது. உரியவர் தொடர்ந்து ஒரு வருடம் உள்நுழையாத மனை காலி செய்யப்பட்டு வேறொருவருக்கு வழங்கப்படும். அதில் இருந்த பொருள்கள் திரும்பக் கிடைக்காது.

ராய்ப்பூர் லாட்ஜிலிருந்து அவர் அனுப்பிய படத்தின் தேதியை அண்ணியின் போனில் எடுத்துப் பார்த்தேன். திவசத்துக்கு முன்னாலேயே வருடம் முடிந்துவிடும். அண்ணியிடம் இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் நிபந்தனையைச் சின்ன எழுத்தில் மறைக்கிறவனை ஆயுசு முழுக்கத் திட்டிவிட்டு நானே மறைப்பது எனக்கு ஆகவில்லை.

"இன்னுங் கொஞ்ச நாள்ல இடிச்சுப் போட்டுருவாங்களாமுங்க" என்றேன்.

அண்ணி ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "அப்ப இன்னிக்கே வாங்கு" என்றார்.

அண்ணியின் பெயரில் ஸ்டோரில் ஒரு கணக்கு, கம்பெனியின் லாஞ்சரில் இன்னொரு கணக்கு. இரண்டுக்கும் அண்ணியின் சொந்த நம்பர்தான் போட்டேன். அவர் என் நம்பரைப் போட்டுவிடச் சொன்னார். வேண்டவே வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தேன். இறங்கி முடிக்க மதியம் முழுக்க ஆயிற்று. அதற்குள் அண்ணி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, முகம் கழுவி, பொட்டு இல்லாத நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டு வந்தார். கோயிலுக்குப் புறப்பட்டவர்போல இருந்தார். எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. சிரித்தால் அழுதுவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அண்ணன் அனுப்பிய படத்தின் மூலையில் அந்த ஊரின் பெயரும் மனையின் எண்ணும் இருந்தன. அதே சர்வரைத் தேர்ந்தெடுத்து உள்ளே போனோம். அண்ணிக்கு விசைகள் பழக்கமில்லை. முன்னால் போக ஒன்று, திரும்ப மவுஸ் என்று சொல்லிக் கொடுத்தேன். அவருடைய பொம்மை வேலியில் முட்டியது, கிணற்றைச் சுற்றியது, ஒரு இடத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு நகர மறுத்தது. "பொண்ணுப் பாக்க வந்தவனாட்டம் நிக்கறீங்களே" என்றேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வழியில் வீடுகள் நிறைய. ஆள் நடமாட்டம் அதிகமில்லை. சில மனைகள் வெறும் புல்லாகக் கிடந்தன. அங்கே யாருடைய வீடு இருந்ததோ. திருப்பத்தில் அந்த ஓட்டுக் கூரை தெரிந்தது. வாசலுக்கு மேலே பலகையில் உரியவர் பெயர். அவர் எல்லா கேமிலும் வைத்துக்கொள்ளும் பெயர்தான். அண்ணிக்கு அது தெரியாது. "யாரு பேரு இது?" என்றார். "அவரோடதுதானுங்க. அவரு பேருதான்" என்றேன்.

வாசல் வரை போக முடிந்தது. வாசலில் இரண்டு செம்பருத்திச் செடி வைத்திருந்தார். கதவை அழுத்தினால், 'நண்பர்களுக்கு மட்டும்' என்று வந்தது. வந்து பார்க்கலாம் என்று எழுதியிருந்தானே! திரும்பிப் போய் அந்தப் பத்தியைப் படித்தேன். 'உரியவர் வைத்துள்ள அனுமதிக்கு உட்பட்டு' என்று ஒரு வால் இருந்தது. நல்ல செய்தியைக் கண்டதும் வாலைப் படிக்காமல் தாண்டிவிட்டேன். என் மீதே எனக்கு எரிச்சல் வந்தது.

நட்பு வேண்டுகோள் அனுப்ப ஒரு பொத்தான் இருந்தது. நான் தடுப்பதற்குள் அண்ணி அதை அழுத்திவிட்டார். 'பதிலுக்காகக் காத்திருக்கிறது' என்று அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மணல் கடிகாரம் சுற்ற ஆரம்பித்தது.

"என்னமோ சுத்துது. பதில் வருமா?" என்றார் அண்ணி.

அந்தக் கேள்வியை அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் அது வேறு மாதிரிக் கேட்டது. இருட்டான வீட்டின் வாசலில் அண்ணியின் பொம்மை நின்றுகொண்டிருந்தது. உள்ளே இருந்து யாரோ எழுந்து வர வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் நிஜமாகவே காத்திருந்தோம்.

"அவரு கணக்குல இருந்து சரின்னு சொன்னாத்தான் தெறக்குமுங்க" என்றேன் கடைசியில். "அதுக்கு ரிக் போனுக்கு ஒரு நம்பர் வரும். அங்க இருக்கறவருகிட்டக் கேக்கோணும்."

"அப்பக் கேளு."

கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று அந்தப் பெண் குரல் சொன்னது. இதே வாக்கியத்தை எத்தனை வருடம் கேட்டிருக்கிறேன்! அப்போதெல்லாம் எரிச்சல்தான் வரும். வாட்ஸப்பைத் திறந்தேன். நம்பர் அதே நம்பர் ஆகையால் பழைய பேச்சு எல்லாம் அப்படியே இருந்தது. கடைசியாக அண்ணன் அனுப்பியது, 'அங்க மழையா?' அதற்குக் கீழே நான், 'இல்ல' என்று போட்டிருந்தேன். அதற்கும் கீழே இப்போது, முகம் தெரியாத ஒருவருக்கு, நான் இன்னாருடைய தங்கச்சி, சிக்னல் கிடைத்ததும் கூப்பிடுங்கள் என்று எழுத வேண்டியிருந்தது. எழுதி அனுப்பினேன்.

சாயங்காலம் ஐந்தரை மணிவாக்கில் போன் அதிர்ந்தது. மேசை மேல் இருந்த அதன் திரையில் பெரிய எழுத்தில் 'அண்ணன்' என்று வந்தது. அண்ணியும் பார்த்துவிட்டார். அவர் கை தானாக நெஞ்சுக்குப் போனது. போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுக்க வேண்டும் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

"எடு அம்முணி, எடு, கட்டாயிரும்" என்றார் அண்ணி.

"அக்கா, வணக்கமுங்க. டீசல் போட ரோட்டுக்கு வந்தனுங்க, இப்பத்தான் மெசேஜ் பாத்தேன்" என்றது ஒரு இளம் குரல். விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் வீடு, கேம் என்றெல்லாம் சொல்லும்போது எனக்கே பைத்தியக்காரத்தனமாக இருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. "அனுப்பச் சொல்லுங்க்கா, லைன்லயே நிக்கறேன்" என்றார்.

லேப்டாப்பில் அழுத்தினேன். குறியெண் பத்து நிமிடம்தான் செல்லும் என்று போட்டது. அந்தப் பக்கம் லாரிகள் போகும் சத்தம். "வரலீங்களே... சிக்னலு ஒரு கோடுதான் காட்டுதுங்க... இருங்க, வண்டி மேல ஏறிப் பாக்கறேன்" என்றார். ஏணியில் கால் வைக்கும் சத்தம் கேட்டது. அண்ணன் பெயரை மேலே காட்டிக்கொண்டு, அண்ணன் ஏறிய அதே ரிக்கில் இன்னொருவர் ஏறிக்கொண்டிருந்தார். வரக் கூடாது என்றும் எனக்கு ஒரு பக்கம் தோன்றியது. அதைச் சொல்லிவிடுகிறேன். வந்தால் நான் அவராக உள்ளே போக வேண்டுமே.

"வந்துருச்சுங்க்கா!" என்று கத்தினார். எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். போட்டேன். நன்றி சொல்வதற்குள் லைன் அறுந்தது.

அவராக உள்நுழைந்ததில் மனைக்கு இன்னும் ஒரு வருடம் கிடைத்தது; ஆனால் விதிப்படி நான் செய்தது தப்புத்தான். வாரிசுக்கு விட முடியாது என்று அச்சடித்தாற்போல எழுதியிருந்ததை நானே படித்துச் சொல்லியிருந்தேன். சாகிறவர்கள் ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொண்டு சாவதில்லை.

லேப்டாப்பில் கேம் சுற்றிச் சுற்றித் திறந்துகொண்டிருந்தது. அதற்குள் பக்கத்தில் என் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அண்ணி, "அம்முணி, இங்க பாரு" என்றார். அவருடைய திரையில் மணல் கடிகாரத்துக்குப் பக்கத்தில் அண்ணனின் பெயருக்கு முன்னால் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது. இணைப்பில் இருக்கிறார் என்று அர்த்தம். நான்தான் அது என்று எனக்குத் தெரியும். இருந்தும் ஒரு கணம் அவரே வந்துவிட்டார் என்றுதான் தோன்றியது. அண்ணன் திரையில் வேண்டுகோள் வந்து நின்றது. அண்ணியின் பெயர். ஏற்கவா என்று கேட்டது. அழுத்தினேன்.

அங்கே கதவு திறந்தது.

அண்ணி மெதுவாக உள்ளே நடந்தார். முன்னறையில் ஒன்றும் பெரிதாக இல்லை. ஒரு கட்டில், ஒரு மேசை. மேசை மேல் ஒரு கம்ப்யூட்டர்; அவர் வைக்காமல் இருப்பாரா? அடுத்தது சமையலறை. வீட்டில் பாதியை அதற்கே கொடுத்திருந்தார். கிழக்கே பார்த்து அகலமாக ஒரு ஜன்னல், அதற்குக் கீழே நீளத்துக்கும் மேடை. எங்கள் வீட்டுச் சமையல்கட்டில் பகலிலும் லைட் போட வேண்டும். அதைப் பற்றி அண்ணி அவரிடம் என்ன பேசினாரோ, எனக்குத் தெரியாது. அது அவர்கள் இரண்டு பேர் விஷயம்.

அந்த ஜன்னல் பக்கத்தில் அண்ணனின் பொம்மை நின்றுகொண்டிருந்தது. லாட்ஜில் லேப்டாப்பை மூடும்போது எங்கே நின்றதோ அங்கேயே, முதுகைக் காட்டிக்கொண்டு. வெளியே போன ஆள் திரும்பும்போது விட்ட இடத்தில்தான் வந்து நிற்பார் என்பது எனக்குத் தெரிந்ததுதான். அண்ணியிடம் சொல்லி வைக்கத் தோன்றவில்லை. அண்ணி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. பழக்கத்தில் லேப்டாப் விசையில் விரல் வைத்து, பொம்மையை அண்ணி பக்கம் திருப்பி ஒரு அடி முன்னால் நடத்தினேன். கேமில் எல்லாப் பொம்மைகளும் ஒரே மாதிரிதான் நடக்கும், கையை வீசிக்கொண்டு.

"வேண்டாம்" என்றார் அண்ணி. குரல் அதட்டலாகவே வந்தது. "நடக்க வெக்காத சாமி. அவிய இப்படி நடக்க மாட்டாங்க. சும்மா நிக்கட்டும்."

இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டேன். அண்ணி தன் பொம்மையைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் நிறுத்தினார். இந்தத் தடவை எதிலும் முட்டவில்லை. ஜன்னலுக்கு வெளியே அந்த ஊரின் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அம்மா வெளியே யாரிடமோ பால் கணக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து லேப்டாப் திரையின் மேல் மூலையில் ஒரு வரி எழுந்தது. எந்தச் செயலும் இல்லாததால் இணைப்பு விரைவில் துண்டிக்கப்படும் என்றது. சும்மா நிற்கிறவர்களை சர்வர் வெளியே அனுப்பிவிடும். ஆளில்லாத பொம்மைகளை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்? ஒரு விசையைத் தொட்டால் போதும், அந்த வரி போய்விடும். தொட்டால் பொம்மை நகரும்.

"அண்ணி, கை வெக்கலீன்னா இன்னுங் கொஞ்ச நேரத்துல தானாவே போயிருவாருங்க. ஒரு தட்டுத் தட்டட்டுமா?"

அண்ணி திரையைப் பார்த்தபடியே தலையாட்டினார், வேண்டாம் என்று.

"போகட்டும் அம்முணி. அன்னிக்குப் போறப்ப யாரும் பக்கத்துல இல்ல" என்றார். "இப்ப நான் இருக்கறனல்ல."

லேப்டாப்பைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். வெளியே பால்காரர் போய்விட்டார். அண்ணியின் திரையில் ஜன்னலோரத்தில் இருந்த உருவம் மெல்ல வெளிறியது, பிறகு இல்லை. பெயருக்கு முன்னால் இருந்த பச்சைப் புள்ளி அணைந்தது. அண்ணி அந்த இடத்தை விட்டு நகராமல், ஸ்டோர் கணக்கில் ஆடிய நேரம் காசு திரும்பக் கிடைக்கிற இரண்டு மணியைத் தாண்ட ஏறிக்கொண்டிருக்க, அங்கேயே நின்றார்.